எலிச்செவியா, ஆடுதீண்டாப்பாளையா?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிழக்கே விரிந்துள்ள கரிசற்காட்டில் தரையோடு படரும் செடிகள் இரண்டு உண்டு. ஒன்று எலிச்செவிக் கீரை, சமைத்து உண்பது. மற்றொன்று ஆடுதீண்டாப்பாளை. இரண்டின் இலையும் அடியில் குழிந்து, அகன்று வட்டமாயிருக்கும். பூவில்லாக் காலத்தில் கைப்பேசியிற் பிடித்த படம் ஒன்றை மட்டும் அனுப்பி, "இதைச் சமைக்கலாமா?" என்று அங்கத்தினர் வினவினால், தாவர நூல் வல்லவரும் தயங்கவே செய்வார்.

தயங்குவது நியாயமே. ஆடுதீண்டாப்பாளையின் இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் விளைவிக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்கான மருந்தில் ஒரு மூலிகைக்குப் பதிலாக இவ்வினச் செடி தவறுதலாகச் சேர்ந்தது. அதை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர்.

படத்தில் முதலில் மறைவது அளவு. எலிச்செவி இலை பெரும்பாலும் ஐந்து ரூபாய் நாணயத்தளவு, அல்லது அதனினும் சிறிது. பாளையின் முதிர்ந்த இலை அதைவிடப் பெரிது. ஆகவே இலையருகே நாணயம் வைத்துப் படமெடுப்பது நன்று. ஆயினும் பாளையின் இளந்தளிர் சிறிதாகவே இருக்குமாதலால், அளவு ஒன்றையே நம்பலாகாது.

அடுத்து மறைவது மணம். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால், பாளை குமட்டும் நாற்றம் வீசும். எலிச்செவியோ சாதாரணப் பச்சிலை வாசனைதான். முகர்ந்தபின் கை கழுவுக. நாவில் வைத்துச் சோதித்தல் கூடாது. "ஒரு மாதிரி வாசனை" என்று எழுதினால் பயனில்லை. தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு எழுதவேண்டும்; காய்ந்த இலையா, பச்சையிலையா என்பதையும் குறிக்கவேண்டும்.

வாழிடமும் பருவமும் பிறகு துணை நிற்கும். எலிச்செவி ஈரத்தை நாடுவது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கணுதோறும் வேர்விட்டுப் படரும். பாளையைக் காய்ந்த கரிசலிலும் காணலாம்; கணுக்களில் வேர்விடாது. மேற்கே மலையடிவாரப் புதரில் கொடியாக ஏறியிருப்பின், அது அதே இனத்து ஈசுவரமூலியாகவும் இருக்கலாம். ஊர்ப்பெயர் கேட்பது இதற்காகவே.

படத்தோடு வரவேண்டிய குறிப்பு இவ்வளவே: "ராஜபாளையத்துக்குக் கிழக்கே, கரிசல் நிலம், பருத்தி எடுத்த காடு. பங்குனி மாதம், மழையில்லை. தரையில் கிடக்கிறது, கணுவில் வேரில்லை. பச்சையிலை கசக்கினால் குமட்டுகிறது." இதைப் படித்தவர் எலிச்செவியை உடனே தள்ளிவிடுவார்.

கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1955 முதல் இருந்து வருகிறது. உலர்த்திச் சேமிக்கும் செடிகளின் தாளில் இடம், நாள், வாழிடம் எழுதுவது தாவர நூலார் நெடுநாள் வழக்கம். உலர்ந்தால் மணமும் நிறமும் போய்விடுமாதலால், அவற்றைப் பறித்த இடத்திலேயே எழுதிக்கொள்வர்.

ஐயம் தீராவிடில் பூக்கும்வரை பொறுத்திருக்கலாம். எலிச்செவி சிறு மஞ்சட்பூப் பூக்கும். பாளையின் பூ கருஞ்சிவப்பு நாவுடைய குழல். அதுவரை அக்கீரை அடுப்பேற வேண்டாம்.