ஒரே தலைப்பில் புடவையும் சேலையும்

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க நினைப்பவர்களில் ஒருவர் கூகுளில் ‘காஞ்சிபுரம் பட்டுப் புடவை’ என்று தேடுவார். இன்னொருவர் ‘புடவைகள்’ என்பார், வேறொருவர் ‘சேலை’ என்பார். இவர்களில் யாரையும் விட மனமில்லாத கடைக்காரர் தன் இணையப் பக்கத்துக்கு இப்படித் தலைப்பு வைக்கிறார்:

```
<title>காஞ்சிபுரம் பட்டுப் புடவை, காஞ்சிபுரம் பட்டுப் புடவைகள், காஞ்சிபுரம் பட்டுச் சேலை</title>
```

ஒரே சொல்லை ஒருமையிலும் பன்மையிலும் அடுக்கும் இத்தகைய தலைப்பைத் தவிர்க்கச் சொல்கிறது கூகுளின் வழிகாட்டி. தேடுபவரின் திரையில் தலைப்பு குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் வெட்டுப்படும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் இந்த அடுக்கில் ‘சேலை’ கண்ணிலேயே படாமல் போகலாம். அமேசானும் 2025 ஜனவரி முதல் பொருளின் தலைப்பில் ஒரே சொல் இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது என்று விதித்திருக்கிறது.

தலைப்பை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். மூன்று சொற்களையும் தனித்தனியாகத் தேடி, முதல் பக்க முடிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதே பக்கங்கள் வந்தால் மூன்றுக்கும் ஒரே பக்கம் போதும். ‘பட்டுப் புடவை துவைப்பது’ என்று தேடினால் கடைகளுக்குப் பதில் குறிப்புகள் வரும். அதைத் தலைப்பில் நுழைக்கக்கூடாது, அதற்குத் தனிப் பக்கம்தான் வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

இனி எழுதலாம். பல புடவைகளைக் காட்டும் பக்கம் என்றால் பன்மை, ஒரே புடவையை விற்கும் பக்கம் என்றால் ஒருமை. ஒருமையையும் பன்மையையும் தேடுபொறி பொதுவாகத் தொடர்புபடுத்திக்கொள்ளும் என்பதால் இரண்டில் ஒன்று போதும். மாற்றுச் சொல்லை அப்படியே ஒட்டாமல், புதிதாக ஒரு செய்தி சொல்லும் இடத்தில் வையுங்கள்:

```
<title>காஞ்சிபுரம் பட்டுப் புடவைகள்: முகூர்த்தச் சேலை ரகங்கள், விலை</title>
```

எந்தச் சொல்லும் இரண்டாம் முறை வரவில்லை. ‘சேலை’ இங்கே முகூர்த்தத்தைச் சொல்ல வந்திருக்கிறது, அதனால் வாசிப்பவருக்கு அது திணிப்பாகத் தெரியாது. ‘காஞ்சிபுரம் சேலை’ என்று தேடுபவரின் சொற்கள் அடுத்தடுத்து இல்லாவிட்டாலும் இரண்டும் தலைப்பில் இருக்கின்றன. பக்கத்தில் விலை போடவில்லை என்றால் மட்டும் ‘விலை’யை எடுத்துவிட வேண்டும். ‘பட்டு புடவை’ என்று ஒற்று விட்டுத் தேடுவோர் ஏராளம். அவர்களுக்காகத் தலைப்பில் பிழையாக எழுத வேண்டாம், அந்த எழுத்திலும் ஒரு முறை தேடிப் பார்த்துக்கொண்டால் போதும்.

சில வாரங்கள் கழித்து சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கான தேடல் சொற்களைப் பாருங்கள். ‘சேலை’ உள்ள தேடல்களில் பக்கம் தோன்றவே இல்லையென்றால், தலைப்பில் இன்னொரு ‘சேலை’ சேர்த்துப் பயனில்லை. பக்கத்தின் உள்ளே, புடவைகளின் விவரத்தில் அந்தச் சொல் இயல்பாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.