தன்வரலாற்றுக் கட்டுரையில் உணர்வுப்பெயரும் மெய்ப்பாடும்

உள்ளத்தில் நிகழும் உணர்வு காண்போர்க்குப் புலனாகுமாறு மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அழுகைக்குரியவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. உணர்வையும் அதன் களனையும் இணைத்துக் காணும் இந்நோக்கு, இன்றைய தன்வரலாற்றுக் கட்டுரையைத் திருத்துவதற்கும் பயன்படுகிறது.

எடுத்துக்காட்டாக அமைக்கப்பட்ட பின்வரும் பத்தியைக் காணலாம்: "அப்பா இறந்தபின் வீட்டில் பெருந்துயரம் நிலவியது. அம்மா மிகவும் வருந்தினார். எனக்கும் தாங்கமுடியாத வேதனை. அந்தச் சோகம் இன்றும் அகலவில்லை."

நான்கு தொடர்களிலும் ஓர் உணர்வே வெவ்வேறு பெயர்களில் வருகிறது. களன் முதல் தொடரிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய மூன்றும் புதிய செய்தி எதனையும் தரவில்லை. இத்தகைய பத்தியில் உணர்வுப்பெயர்களை முதலில் அடிக்கோடிட வேண்டும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் அவ்வுணர்வு யாருடையது, எந்நாளில் நேர்ந்தது, அப்போது கை என்ன செய்தது என வினவ வேண்டும். விடைகளைக் கொண்டு பத்தி இவ்வாறு அமையலாம்:

"பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்மா வழக்கம்போல் மூவருக்கும் அரிசி களைந்து உலையிலிட்டார். சோற்றை வடித்தபின் பானையைப் பார்த்தபடி நின்றார். மிஞ்சியதில் நீரூற்றி வைத்தார். வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. அதை எடுத்து, அவ்விடத்தைப் பெருக்கி, மீண்டும் அங்கேயே வைத்தேன்."

இங்கு உணர்வுப்பெயர் ஒன்றும் இல்லை. மூவருக்கான அரிசியே இழவின் அளவைக் காட்டுகிறது. 'மறுநாள்' என்னும் காலக்குறிப்பு இன்றியமையாதது. அஃது இல்லையேல் மிகுதியாகச் சமைத்தது மறதியாக மட்டுமே தோன்றும். களன் தெளிவாக நிறுவப்பட்ட பின்னரே செயல் மெய்ப்பாடாகிறது.

இம்முறையில் நேரும் பிழை ஒன்றுண்டு. "வருந்தினார்" என்பதை நீக்கிவிட்டுக் "கண்ணீர் பெருகியது", "நெஞ்சு கனத்தது" என எழுதுவது, ஒரு பெயருக்கு மாற்றாக மற்றொரு பெயரை இடுவதேயாகும். எவருடைய இழப்புக்கும் பொருந்தும் மெய்க்குறிப்பு எவருடைய இழப்பையும் காட்டுவதில்லை. அதே தொடரை வேறொருவர் கட்டுரையில் மாற்றமின்றி வைக்க இயலுமா என்று பார்த்தால் இப்பிழை புலப்படும். செருப்பை எடுத்த இடத்திலேயே மீண்டும் வைத்தல் அவ்வாறு எளிதில் இடம்பெயராது.

பெயர்களை முற்றிலும் விலக்குவதும் பொருந்தாது. நெடுநாள் நோயில் கிடந்த தந்தையின் இறப்பால் மகனுக்குத் துயரோடு ஆறுதலும் தோன்றியிருக்கலாம். செருப்பும் சோறும் அதனை உணர்த்தா. அவ்விடத்தில், "எனக்கு ஆறுதலாகவும் இருந்தது" என்னும் ஒரு தொடர் தேவை. ஏனைய உணர்வுகள் செயலாக நிற்கும்போது, ஒருமுறை மட்டும் வரும் அப்பெயர் வாசகரால் தவறவிடப்படுவதில்லை.