ஹேமாவதி தெரியாமலே ஒரு விடை

அரசுப் பணித் தேர்வு எழுதுபவர்களைத் தயங்க வைக்கும் கேள்விகளில் ஒரு வகை உண்டு. நான்கு கூற்றுகளைக் கொடுத்துவிட்டு, எந்தெந்தக் கூற்றுகள் சரி என்று கேட்பார்கள். மூன்று தெரிந்து ஒன்று தெரியாமல் போனால்கூட முழுக் கேள்வியும் கைவிட்டுப் போனதாகப் பலர் நினைத்து அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படிப் புரட்ட வேண்டியதில்லை.

காவிரியை வைத்து ஒரு மாதிரிக் கேள்வி:

1. காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கிறது.
2. பவானி ஆறு தமிழ்நாட்டுக்குள் காவிரியில் கலக்கிறது.
3. காவிரியின் துணையாறான அமராவதி கர்நாடகத்தில் அதனுடன் சேர்கிறது.
4. ஹேமாவதி காவிரியின் துணையாறு.

இவற்றில் சரியானவை எவை?
அ) 1, 2, 3 மட்டும்
ஆ) 2, 3, 4 மட்டும்
இ) 1, 2, 4 மட்டும்
ஈ) 1, 3, 4 மட்டும்

ஈரோட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி இதை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஹேமாவதி என்ற பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை. நான்கையும் மொத்தமாக எடைபோட்டால் அந்த ஒரு பெயரிலேயே நின்றுவிடுவாள். ஒவ்வொன்றாக எடுத்தால் கதை வேறு.

முதல் கூற்று சரி என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. சரியான கூற்று விடையில் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத ‘ஆ’ போகிறது. பவானி கூடுதுறை அவளுக்குத் தெரிந்த இடம், ஆகவே இரண்டாவதும் சரி. அது இல்லாத ‘ஈ’யும் போகிறது. மிஞ்சுவது ‘அ’வும் ‘இ’யும்தான். ஒன்றில் மூன்றாம் கூற்று இருக்கிறது, மற்றொன்றில் நான்காவது. இனி இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைப் பற்றித் தெரிந்தால் போதும். அமராவதி காவிரியில் சேர்வது கரூர் அருகே என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாவது தவறு, விடை ‘இ’. ஹேமாவதியைத் தொடவே இல்லை.

இன்னும் குறுகிய வழியும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கூற்றும் மூன்று விடைகளில் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்கலாம். ஒரு கூற்று சரி என்று தெரிந்தால் ஒரு விடைதான் கழியும். தவறு என்று தெரிந்தாலோ மூன்று விடைகள் ஒரேயடியாகக் கழியும். அமராவதியில் தொடங்கியிருந்தால் ஒரே கூற்றில் வேலை முடிந்திருக்கும். அதனால் பழகியவர்கள் வரிசைப்படி போவதில்லை. எந்தக் கூற்றில் தங்களுக்குச் சந்தேகமே இல்லையோ அதை முதலில் எடுக்கிறார்கள், அதிலும் தவறான கூற்று கண்ணில் பட்டால் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

‘சந்தேகமே இல்லாத’ என்பது இங்கே முக்கியம். அரைகுறை நினைவில் ஒரு கூற்றைத் தவறு என்று அடித்துவிட்டால், சரியான விடையும் அதோடு சேர்ந்து போய்விடும். மற்ற மூன்றும் நன்றாகத் தெரிந்திருந்தும் பயனில்லை. அமராவதிக் கூற்றையே மறுபடி படித்தால் ஏமாறும் இடம் புரியும். அதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. துணையாறு என்பது உண்மை, கர்நாடகத்தில் சேர்கிறது என்பது பொய். முதல் பாதியைப் படித்ததும் ‘சரி’ என்று குறி போடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கேள்வி ‘தவறானவை எவை’ என்று முடிந்திருந்தால் கணக்கே தலைகீழாகும் என்பதால், கடைசி வரியை முதலில் படிப்பது நல்லது.

ஒரு கூற்று தீராமலே இரண்டு விடைகள் மிஞ்சினால் என்ன செய்வது? மத்திய குடிமைப் பணிகள் முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒன்றுமே தெரியாமல் 12 கேள்விகளுக்குக் குறி போட்டால், சராசரியாக 3 சரியாகி 6 மதிப்பெண் வரும், 9 தவறாகி அந்த 6-ம் போகும். இரண்டு விடைகளாகக் குறுக்கிய பிறகு 12 கேள்விகளுக்குக் குறி போட்டால், 6 சரியாகி 12 வரும், 6 தவறாகி 4 போகும். கையில் 8 நிற்கும்.

இந்த வழி செல்லாத இடமும் இருக்கிறது. 2023-ம் ஆண்டு முதல்நிலைத் தேர்வில், எந்தக் கூற்றுகள் சரி என்று கேட்காமல் ‘எத்தனை கூற்றுகள் சரி’ என்று கேட்ட கேள்விகள் ஏராளமாக வந்தன. ‘ஒன்று மட்டும்’, ‘இரண்டு மட்டும்’ என்பது போன்றவைதான் விடைகள். காவிரிக் கேள்வியை அப்படி மாற்றினால், ஈரோட்டு மாணவிக்கு முதல் இரண்டும் சரி, மூன்றாவது தவறு என்று தெரிந்தும் ‘இரண்டு’, ‘மூன்று’ என்ற இரு விடைகள் மிஞ்சும். ஹேமாவதி கர்நாடகத்தில் காவிரியோடு சேரும் ஆறு என்று தெரிந்தால்தான் ‘மூன்று’ என்று அவளால் உறுதியாகக் குறிக்க முடியும்.