சொல்லாமல் விழுந்த ஸ்விட்ச்

மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து முதலில் வந்த டிக்கெட்டில் இருந்தது ஒரே வரி: "ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, மிக அவசரம்." இரவு பதினொரு மணிக்கு எழுதியிருந்தார்கள். காலையில் எங்கள் ஆள் போன் போட்டுக் கேட்டார். "இப்ப ஓடுது சார்" என்றார்கள். டிக்கெட்டை மூடிவிட்டோம். அன்று இரவே மறுபடி அதே கதை.

இங்கே ஸ்விட்ச் என்பது சுவரில் இருக்கும் விளக்கு சுவிட்ச் அல்ல. பில் போடும் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா எல்லாவற்றின் நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் இருபத்து நான்கு துளைப் பெட்டி. இந்த வகைப் பெட்டி, கேபிள் வழியாகவே கேமராக்களுக்குக் கரண்டும் கொடுக்கும். உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கரண்ட் வந்ததும் முதலில் ஒரு தொடக்க நிரல் எழும். அது ஃபர்ம்வேர் எனப்படும் மூல மென்பொருளை நினைவகத்தில் ஏற்றும். கடைசியாகத் துளைகள் உயிர்பெறும். இந்த ஓட்டம் நடுவில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அறுந்தால் அதுதான் ரீபூட் லூப்.

இரண்டாவது டிக்கெட்டை எழுதியவர் வேறு ஆள். கடைக்கு நெட்வொர்க் வேலை பார்க்கும் இளைஞர். மாடல் எண், திரையில் இருந்தபடியே ஃபர்ம்வேர் பதிப்பு எண், நான்கு சுற்று லாக், அவர் செய்து பார்த்தவை, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆனது என்பது. அவ்வளவுதான். நான் படித்த நல்ல டிக்கெட்டுகளில் அது ஒன்று.

லாக் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஸ்விட்சுகள் தங்கள் லாக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். ரீபூட் ஆனால் அதுவும் போய்விடும். அதனால் விழுந்து எழுந்த பிறகு உள்ளே போய்த் தேடிப் பயனில்லை. விழும்போதே பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். அதற்குத்தான் கன்சோல் என்ற தனித் துளை. அவர் லேப்டாப்பைக் கன்சோல் கேபிளால் இணைத்து, PuTTY-யில் `All session output` என்பதைத் தேர்ந்து, திரையில் ஓடியதை எல்லாம் ஒரு கோப்பில் இறங்க விட்டிருந்தார். வேகம் மாடலைப் பொறுத்து 9600 அல்லது 115200 ஆக இருக்கும். தப்பாக வைத்தால் திரையில் கிறுக்கல்தான் வரும். பெட்டியே கெட்டுவிட்டது என்று பயந்துபோனவர்கள் உண்டு.

ஒவ்வொரு சுற்றின் முடிவும் ஏறத்தாழ இப்படி இருந்தது:

```
[  131.204118] port 7: link up, 100 Mbps full duplex
[  133.871
U-Boot 2012.07
```

அடைப்புக்குள் இருப்பது, மென்பொருள் எழுந்ததிலிருந்து கடந்த விநாடிகள். 133-ஆவது விநாடியில் ஒரு வரி எழுதத் தொடங்கி, எண்ணைக்கூட முடிக்காமல் நின்றுவிட்டது. அடுத்த வரி தொடக்க நிரலின் முதல் வரி. மற்ற சுற்றுகளில் 128, 136, 130.

மென்பொருள் கோளாறில் விழும் ஸ்விட்ச் பெரும்பாலும் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் போகும். உதாரணமாக இப்படி:

```
Kernel panic - not syncing: VFS: Unable to mount root fs on unknown-block(31,5)
Rebooting in 5 seconds..
```

சேமிப்பில் இருக்கும் கோப்புகளைத் திறக்க முடியவில்லை, ஐந்து விநாடியில் ரீபூட் ஆகிறேன் என்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இதே இடத்தில் இதே வரிதான் வரும். ஜவுளிக்கடை ஸ்விட்ச் அப்படி எதுவும் சொல்லவில்லை. பேச்சின் நடுவில் யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல இருந்தது. மின்சாரத்தின் மேல் சந்தேகம் போவது இயல்பு.

ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. மென்பொருள் உறைந்துபோனால் அதை உலுக்கி எழுப்ப 'வாட்ச்டாக்' என்ற கடிகாரச் சுற்று உள்ளே இருக்கும். அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் ரீபூட் செய்யலாம். அதனால்தான் டிக்கெட்டின் கடைசிப் பகுதி, அதாவது செய்து பார்த்தவை, லாக்கைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது.

முதலில் அவர் கேபிள்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு ஸ்விட்சை ஓடவிட்டார். நாற்பது நிமிடம் விழவே இல்லை. பிறகு பன்னிரண்டு கேமராக் கேபிள்களை ஒவ்வொன்றாக, இரண்டு நிமிட இடைவெளியில் செருகினார். ஒன்பதாவதைச் செருகி ஒரு நிமிடம் ஆனதும் விழுந்தது. அந்தக் கேமராதான் வில்லன் என்று பலரும் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவர் வரிசையைத் தலைகீழாக்கி மறுபடி செருகினார். இப்போது வேறொரு கேமரா ஒன்பதாவது. மறுபடி அப்போதுதான் விழுந்தது. ஆக, குற்றம் எந்தக் கேமராவிலும் எந்தத் துளையிலும் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. சுவர் சாக்கெட்டை மாற்றியும், யூபிஎஸ் வழியாகவும் பார்த்திருந்தார். மாற்றமில்லை.

பகலில் பன்னிரண்டும் ஓடியதே, அது எப்படி? கடை மூடி விளக்கணைத்ததும் கேமராக்கள் இருட்டில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொள்ளும். இந்தக் கேமரா பகலில் எடுப்பது சுமார் 6 வாட், இரவில் சுமார் 10. பகலில் பன்னிரண்டுக்கும் சேர்த்து 72 வாட். இரவில் எட்டுக் கேமராவுக்கு 80, ஒன்பதுக்கு 90. இரண்டுக்கும் நடுவில் எங்கோ பெட்டி சாய்கிறது. செருகி ஒரு நிமிடம் கழித்து விழுந்ததற்கும் காரணம் இதுதான்: கேமரா எழுந்து விளக்கைப் போட அவ்வளவு நேரம் ஆகிறது.

இந்த மாடல் துளைகள் வழியாக மொத்தம் 190 வாட் வரை கொடுக்க வேண்டும். அதையும் தாண்டினால்கூட நல்ல ஸ்விட்ச் விழாது. புதிய துளைக்குக் கரண்ட் மறுத்து, அதை லாக்கிலும் எழுதும். பாதிச் சுமைக்கே படுத்துவிடுகிறது என்றால் உள்ளிருக்கும் மின்வழங்கி நொந்திருக்கிறது. அதில் உள்ள மின்பகு கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல உலரும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. காற்றில்லாத மாடிப்படி அலமாரியில் நாலு வருடம் இருந்த பெட்டி இது.

எங்கள் முதல்நிலை ஆள் வழக்கம்போல "ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள்" என்று பதில் போட்டிருந்தார். பதிப்பு எண் சரியாக இருந்ததால் அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்த ரீபூட் கோளாறு ஒன்றுதான், அதுவும் வாக்குமூலம் விட்டுச் செல்லும் வகை. "லேட்டஸ்ட் வெர்ஷன்" என்று மட்டும் எழுதியிருந்தால் இதைச் சரிபார்த்திருக்கவே முடியாது. அப்டேட் வேண்டாம் என்று உடனே எழுதினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழும் பெட்டியில் ஃபர்ம்வேர் எழுதினால் பாதியில் அறுந்து, மேலே காட்டிய அந்த இரண்டாவது லூப்பில் போய் நிற்கும்.

ஒரு வருத்தம் உண்டு. முதல் இரவே கடையில் யாரோ ஃபேக்டரி ரீசெட் அழுத்திவிட்டார்கள். லூப் நிற்கவில்லை, பில்லிங் நெட்வொர்க்கைப் பிரித்து வைத்திருந்த அமைப்புகள்தான் அழிந்தன. நகல் இல்லை. அதைத் திரும்பப் போட அந்த இளைஞருக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

மாற்றுப் பெட்டி வரும்வரை எட்டுக் கேமராக்களை மட்டும் இதில் விட்டு, மீதி நான்கிற்கும் தனி அடாப்டர் வழியே கரண்ட் கொடுக்கச் சொன்னோம். ஆறு இரவுகள் ஒருமுறைகூட விழவில்லை. ஏழாம் நாள் புதிய பெட்டி போய்ச் சேர்ந்தது. பழையதைத் திறந்தபோது மின்வழங்கியில் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன.