கையெழுத்துக்கு முன் – 14: ஊர், ஆள், மொழி

ஒப்பந்தப் பத்திரத்தில் விலை, தவணை, டெலிவரி எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு ஷரத்து இருக்கும். 'தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்' என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் வேறு ஏதோ பத்திரத்திலிருந்து எடுத்து ஒட்டியதாக இருக்கும். கையெழுத்துப் போடும் இருவருமே அதைப் படிப்பதில்லை. வியாபாரம் ஒழுங்காக நடக்கும் வரை படிக்கத் தேவையும் வராது. தகராறு வந்த அன்றுதான் இரண்டு வக்கீல்களும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

சென்ற வாரம், நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம் போவதில் உள்ள லாபத்தைப் பார்த்தோம். அந்த ஷரத்தையே அரைகுறையாக எழுதினால், நடுவரிடம் போவதற்கே முதலில் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும். தமிழ்நாட்டோடு தொடர்புள்ள இரண்டு வழக்குகள் இதற்குச் சாட்சி.

முதல் வழக்கு காவிரிப் படுகையின் கடல் பகுதியில், சி.ஒய்.-ஓ.எஸ்./2 என்ற எண்ணெய் வட்டாரத்தைப் பற்றியது. அதற்கான ஒப்பந்தம் 1996 நவம்பரில் கையெழுத்தானது. தகராறு வந்தால் விசாரணையின் 'வென்யூ' கோலாலம்பூர், மொழி ஆங்கிலம் என்று அதில் இருந்தது. ஹார்டி எக்ஸ்ப்ளொரேஷன் நிறுவனத்துக்கும் மத்திய அரசுக்கும் தகராறு வந்து, நடுவர் மன்றம் 2013 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அரசு அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 'கோலாலம்பூரில் நடந்ததை இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது' என்றது எதிர்த்தரப்பு. தீர்ப்பு சரியா தவறா என்ற பேச்சுக்கே வராமல், எந்த நாட்டு நீதிமன்றம் என்ற ஒரே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 செப்டம்பரில் பதில் வந்தது: கோலாலம்பூர் உட்கார்ந்து பேசும் இடம் மட்டுமே, ஆகவே இந்திய நீதிமன்றம் விசாரிக்கலாம்.

இரண்டாவது வழக்கு சென்னை காமாட்சி இண்டஸ்ட்ரீஸுக்கும் ஒடிசாவின் பிராமணி ரிவர் பெல்லட்ஸுக்கும் நடந்தது. 40,000 டன் இரும்புத்தாது உருண்டை வாங்க ஒப்பந்தம். சரக்கு வரவில்லை என்று காமாட்சி நஷ்ட ஈடு கேட்டது. ஷரத்தில் இருந்தது ஒரே வரி: 'வென்யூ புவனேஸ்வர்'. காமாட்சி சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு நடுவரை நியமிக்க வைத்தது. 'புவனேஸ்வர் நீதிமன்றம் மட்டுமே' என்று ஷரத்தில் இல்லாததால் இரண்டு ஊர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்பது உயர் நீதிமன்றத்தின் கருத்து. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. புவனேஸ்வர் என்று எழுதிய பிறகு ஒடிசா உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றது.

இரண்டு ஒப்பந்தத்திலும் 'வென்யூ' என்றே இருந்தது. பத்து மாத இடைவெளியில், ஒன்றில் அது வெறும் இடம், இன்னொன்றில் நீதிமன்றத்தையே தீர்மானிக்கும் இடம். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றாவது ஒரு வழக்கில், ஹார்டி தீர்ப்பு சரியல்ல என்றே சொன்னது. எதிர்மாறான அறிகுறி ஏதும் இல்லாவிட்டால் வென்யூ என்று சொன்ன ஊரையே சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. அந்த மூன்றாவது வழக்கின் ஷரத்து இன்னும் வேடிக்கையானது: விசாரணை 'நியூடெல்லி/ஃபரிதாபாத்'தில் நடக்கும். எழுதியவர் ஒரு சாய்கோட்டைப் போட்டு வேலையை முடித்துக்கொண்டார். 2016இல் வந்த தீர்ப்பை எந்த ஊர் நீதிமன்றத்தில் எதிர்ப்பது என்று தெரிய மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.

சீட் என்பது நாற்காலி போடும் இடம் அல்ல. அது சட்டத்துக்கான முகவரி. இடைக்காலத் தடை கேட்பது, தீர்ப்பை எதிர்ப்பது எல்லாம் அந்த ஊரை ஆளும் நீதிமன்றத்தில்தான். விசாரணையை ஈரோட்டு ஓட்டலிலும் நடத்தலாம், வீடியோவிலும் நடத்தலாம். அதனால் சீட் மாறாது. 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 20ஆவது பிரிவு இரண்டையுமே 'இடம்' என்று ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்துக்கு வேர். அந்தக் குழப்பத்தை நம் பத்திரத்திலும் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி நம் பக்கத்து ஊருக்கு வருவோம். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் இருக்கிறது ஆட்டையாம்பட்டி. அங்கே கைமுறுக்கு சுற்றி விற்கும் ஒரு சிறு தொழில் நிறுவனம், பெங்களூரு விநியோகஸ்தர் ஒருவரோடு ஒப்பந்தம் போடுவதாகக் கற்பனை செய்வோம். மாதாமாதம் சரக்கு போகிறது. ஒரு கட்டத்தில் 20 லட்சம் ரூபாய் பாக்கி நிற்கிறது. 'பெட்டியில் பாதி நொறுங்கி வந்தது, எண்ணெய் சிக்கடித்தது' என்கிறார் விநியோகஸ்தர். 'ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது' என்கிறார் இவர். பெங்களூருக்காரர் தந்த பத்திரத்தின் ஷரத்து இப்படி இருக்கிறது:

'தகராறு ஏற்பட்டால் பெங்களூரு/சேலத்தில் ஆர்பிட்ரேஷன் நடத்தலாம். எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட நடுவர்கள் விசாரிப்பார்கள். பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம்.'

இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு வழக்கு. சாய்கோடு இருப்பதால் சீட் எது என்று தெரியாது. 'நடத்தலாம்' என்ற சொல், நடுவரிடம் போவது கட்டாயமா, விருப்பமா என்ற கேள்வியை எழுப்பும். சேலத்தைச் சீட் என்று வாதிட்டால், கடைசி வரி பெங்களூருவை இழுக்கும். ஒரே பத்திரத்தின் இரண்டு ஷரத்துகள் வெவ்வேறு ஊரைக் காட்டும்போது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு வாதமே தேவையில்லை. ஆகவே சீட்டை எழுதியதும், பத்திரத்தில் வேறெங்காவது நீதிமன்ற அதிகாரம் பற்றி வரி இருக்கிறதா என்று தேடி, ஊரை ஒன்றாக்க வேண்டும்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி எத்தனை பேர் என்பதை நாமே முடிவு செய்யலாம், ஆனால் இரட்டைப்படை கூடாது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஒருவர். 'ஆளுக்கு ஒருவர்' என்று இரண்டு பேரை எழுதிவைப்பது நம் பக்கத்து வழக்கம். இருவரும் இரண்டு விதமாகச் சொன்னால் முடிவு சொல்ல ஆள் இல்லை. 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட' என்பதும் எண்ணிக்கை ஆகாது. தகராறு வந்த பிறகு அதற்கே இன்னொரு தகராறு.

ஒருவரா, மூவரா என்பதைப் பணத்தை வைத்து முடிவு செய்யலாம். சட்டத்தின் நான்காவது அட்டவணை நடுவர் கட்டணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு தருகிறது. 5 லட்சம் வரை 45,000 ரூபாய், அதற்கு மேல் 20 லட்சம் வரை கூடுதல் தொகையில் மூன்றரை சதவீதம். நம் முறுக்கு வழக்குக்கு ஒருவருக்கு 97,500 ரூபாய். மூவர் என்றால் 2,92,500. தனி நடுவருக்குக் கால் பங்கு கூடச் சேர்த்தாலும் 1,21,875தான். மூவரின் தேதி ஒத்துவரும் வரை காத்திருக்கும் மாதங்கள் வேறு. இந்த அளவு வியாபாரத்துக்கு ஒருவர் போதும். கோடிகளில் போகும், பொறியியல் கணக்குள்ள ஒப்பந்தத்துக்கு மூவர் பொருந்தும்.

யார் நியமிப்பது என்பது எண்ணிக்கையோடு ஒட்டிய கேள்வி. 'எங்கள் நிர்வாக இயக்குநர் நியமிப்பார்' என்ற வரி இன்னும் பல பத்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தரப்பின் தலைவர் தனி நடுவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அந்தத் திசையிலேயே தீர்ப்பளித்தது. இந்த வரியை விட்டுவைத்தால், கடைசியில் உங்களுக்குச் சாதகமாக வரும் தீர்ப்புக்கே ஆட்டம் வரலாம். இரு தரப்பும் சேர்ந்து, 30 நாளுக்குள் முடியாவிட்டால் உயர் நீதிமன்றம் மூலம் என்று எழுதுவதே வழி.

மூன்றாவது, மொழி. ஷரத்தில் மொழி இல்லாவிட்டால் 22ஆவது பிரிவின்படி நடுவரே முடிவு செய்வார். பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பதால் விசாரணையும் ஆங்கிலம் என்று தானாக ஆகிவிடாது. நம் முறுக்குக் கம்பெனியின் சாட்சியம் எங்கே இருக்கிறது? சரக்கு ஏற்றிய நாளில் பெட்டி எண்ணிக்கையைத் தமிழில் குறித்த நோட்டில். லாரி டிரைவர் அனுப்பிய வாட்ஸாப் குரல் பதிவில். மொழி ஆங்கிலம் என்று மட்டும் இருந்தால், நடுவர் அத்தனைக்கும் மொழிபெயர்ப்பு கேட்கலாம். நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் செலவு, 'எண்ணெய் சிக்கடித்தது' என்பதை எப்படி மொழிபெயர்த்தார்கள் என்பதில் ஒரு சண்டை.

பெங்களூருக்காரர் முழுக்கத் தமிழுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். நடுவழி உண்டு: மொழி ஆங்கிலம், ஆனால் தமிழ் ஆவணத்தை அப்படியே தாக்கல் செய்யலாம், மொழிபெயர்ப்பு வேண்டும் என்பவர் தன் செலவில் செய்துகொள்ள வேண்டும், சாட்சி தமிழில் பேசலாம். வழக்கு பின்னால் சென்னை உயர் நீதிமன்றம் போனால் ஆங்கிலத் தீர்ப்பு கையில் இருப்பது வசதி.

இப்போது ஷரத்தைத் திருத்தி எழுதுவோம்:

'இந்த ஒப்பந்தத்திலிருந்து எழும், அல்லது இதோடு தொடர்புள்ள எல்லாத் தகராறுகளும் 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி நடுவர் தீர்ப்புக்கே விடப்பட வேண்டும். நடுவர் தீர்ப்பின் சீட் சேலம். விசாரணையை வேறு ஊரிலோ வீடியோ வழியாகவோ நடத்தலாம். அதனால் சீட் மாறாது. நடுவர் ஒருவர். நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் இரு தரப்பும் சேர்ந்து அவரை நியமிக்க வேண்டும். தவறினால் சென்னை உயர் நீதிமன்றம் நியமிக்கும். மொழி ஆங்கிலம். தமிழ் ஆவணங்களை மொழிபெயர்ப்பின்றித் தாக்கல் செய்யலாம். மொழிபெயர்ப்பு கேட்கும் தரப்பே அதன் செலவை ஏற்க வேண்டும். சாட்சிகள் தமிழில் சாட்சியம் சொல்லலாம்.'

பழைய பத்திரத்தின் 'பெங்களூரு நீதிமன்றங்களுக்கே' என்ற வரியை அடித்துவிட வேண்டும். எதிர்த்தரப்பு சேலத்துக்கு இறங்கிவராவிட்டால் சென்னை என்று கேட்கலாம். பெங்களூருதான் என்று பிடிவாதம் பிடித்தால்கூட, 'சீட் பெங்களூரு' என்று தெளிவாக எழுதுவது சாய்கோட்டைவிட மேல். செலவை முன்கூட்டியே கணக்கிட்டு விலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு. குறு, சிறு தொழில் நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருப்பவர், பாக்கிப் பணத்துக்கு, அத்தகைய நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் தன் மாநிலத்து வசூல் உதவிக் குழுவை அணுகலாம். ஒப்பந்தத்தில் எந்த ஊர் சீட்டாக இருந்தாலும் அந்த வழி திறந்தே இருக்கும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு செய்திருப்பது பாதுகாப்பு. ஆனால் அந்த வழி சரக்கு கொடுத்தவருக்குத்தான். பதிவில்லாதவருக்கும், சரக்கு வாங்குகிறவருக்கும் கடைசிப் பக்கத்து ஷரத்து மட்டுமே துணை.

அடுத்த இதழில்: ஷரத்து சரி, நோட்டீஸ் அனுப்பும் முறை தவறினால் என்ன ஆகும்?