அலுவலக வாடகையை யார் கொடுப்பது?

சிறிய அறக்கட்டளைகளில் நன்கொடை கேட்டு எழுதும் கடிதம் பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவரின் தலையில்தான் விழுகிறது. அவருடைய வரைவில் அநேகமாக ஒரு வாக்கியம் இருக்கும்: ‘நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் குழந்தைகளுக்கே போய்ச் சேரும்.’ நல்லெண்ணத்தில் எழுதுவதுதான். ஆனால் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்லும். மாலை வகுப்பு நடத்தும் ஓர் அறக்கட்டளையின் ஆண்டுச் செலவு ஆறு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சம்பளம், நோட்டுப் புத்தகம், சிற்றுண்டி என்று 4,80,000 போகிறது. அலுவலக வாடகை, கணக்கு எழுதுபவரின் சம்பளம், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,20,000. அப்படியானால் ஒரு ரூபாயில் எண்பது காசுதான் வகுப்பறைக்குப் போகிறது. மீதி இருபது காசை அந்த வாக்கியம் மறைத்துவிடுகிறது. அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். அந்த இருபது காசுக்கு முதலில் தனியாக ஓர் ஆளைப் பிடித்துவிட்டு, பிறகு பொதுக் கடிதத்தை எழுத வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. யூரி கனீஸி, எலிசபெத் கீனன், அயலெட் கனீஸி ஆகிய மூவரும் அமெரிக்காவில் நடத்திய சோதனை 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஏற்கெனவே தர்மம் செய்து பழகிய 40,000 பேரை நான்கு கூறாகப் பிரித்துக் கடிதம் அனுப்பினார்கள். முதல் கூறுக்கு வெறும் வேண்டுகோள். இரண்டாம் கூறுக்கு, ஒரு கொடையாளர் பெருந்தொகை தந்து தொடங்கிவைத்திருக்கிறார் என்ற செய்தி. மூன்றாம் கூறுக்கு, நீங்கள் தருவதற்கு ஈடாக அவரும் தருவார் என்ற வாக்குறுதி. நான்காம் கூறுக்கு, நிர்வாகச் செலவு முழுவதையும் அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், உங்கள் பணம் அப்படியே திட்டத்துக்குப் போகும் என்ற உறுதி. வெறும் வேண்டுகோளுக்கு வந்தது சுமார் 8,000 டாலர். நடுவில் உள்ள இரண்டும் 13,000, 12,000 அளவில் நின்றன. நான்காவது 23,000 டாலரைத் தாண்டியது. கொடுத்தவர்கள் கையைத் தாராளமாக நீட்டியதால் வந்த வித்தியாசம் அல்ல இது. கொடுக்க முன்வந்தவர்களின் எண்ணிக்கையே இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. செலவு இருப்பது மக்களுக்குத் தெரியும். தங்கள் பணம் அதில் போவதைத்தான் அவர்கள் விரும்பவில்லை.

‘எல்லாப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில்தானே விழுகிறது? அவருடைய ரூபாய் வாடகைக்கு, இவருடைய ரூபாய் நோட்டுக்கு என்பது வெறும் பாவனை’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 1,20,000 ரூபாய் நிர்வாகத்துக்கென்றே எழுத்தில் தரப்பட்டு, தனிப் பேரேட்டில் ஏறியிருந்தால், பொதுக் கடிதத்துக்கு வரும் பணம் வாடகைக்குப் போக வேண்டிய அவசியமே எழாது. அப்போது வாக்குறுதி உண்மையாகிறது. நிர்வாகக் குழுவில் ஒருவர் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி அச்சடித்தால் அது பொய். கடிதத்தின் தேதிக்கு முன்பே ஒப்புதல் கடிதமோ ரசீதோ கோப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அதனால் பயிற்சி மாணவர் எழுத வேண்டிய முதல் கடிதம் ஐந்நூறு பேருக்கானது அல்ல. நிறுவனத்தை உள்ளிருந்து அறிந்த மூன்று நான்கு பேருக்கானது. அவர்களிடம் குழந்தையின் புகைப்படத்தைக் காட்ட வேண்டியதில்லை. ஆடிட்டர் கட்டணம் இவ்வளவு, வாடகை இவ்வளவு என்று சொன்னால் போதும். அது ஏன் வேண்டும் என்று கேட்காதவர்கள் அவர்கள்தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இப்படி எழுதி எழுதி, நிர்வாகச் செலவு என்றாலே கெட்ட செலவு என்று கொடையாளர்களை நாமே பழக்கிவிட மாட்டோமா? ஆன் காகின்ஸ் கிரகரி, டான் ஹோவர்ட் இருவரும் 2009-இல் எழுதிய கட்டுரை இந்தச் சுழலைத்தான் விவரித்தது: கொடுப்பவர்கள் குறைந்த நிர்வாகச் செலவை எதிர்பார்க்கிறார்கள், நிறுவனங்கள் அதைக் குறைத்துக் காட்டுகின்றன, எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. கடைசியில் கணக்கு எழுத ஆள் வைக்கக்கூட வழியில்லாமல் போகிறது. இந்த அபாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தொகையையே சொல்லாமல் விடும் ‘ஒவ்வொரு ரூபாயும்’ என்ற வாக்கியம்தான் இந்தச் சுழலுக்கு அதிகம் தீனி போடுகிறது. ‘எங்கள் வாடகை, கணக்கர் சம்பளம், தணிக்கை ஆகியவற்றுக்கான 1,20,000 ரூபாயை இந்த ஆண்டு இருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பணம் வகுப்புகளுக்குச் செலவாகும்’ என்று எழுதினால், செலவு இருக்கிறது, அது தேவைதான், இவ்வளவுதான் என்ற மூன்றும் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வெளிநாட்டுச் சோதனையின் மும்மடங்கு வசூலை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது. அங்கே ஒரு பெரிய கொடையாளர் தயாராக நின்றார். சிறு நிறுவனத்துக்குப் பாதித் தொகைக்கே ஆள் கிடைக்கலாம். 60,000 ரூபாய்தான் கிடைத்தது என்றால் ‘நிர்வாகச் செலவில் பாதி’ என்றே எழுத வேண்டும். ‘முழுவதும்’ என்ற சொல்லை நம்பிக்கையின் பேரில் சேர்க்கக் கூடாது. ஏற்றுக்கொண்டவர் அடுத்த ஆண்டு விலகிவிட்டால், போன ஆண்டுக் கடிதத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் வழக்கம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். முதலில் அடித்துவிட வேண்டியது, செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்ற அந்த வரியைத்தான்.