உரிம எண் உண்மை, தளம் பொய்

பிரிட்டனில் இருப்பவர்களை ஆட அழைக்கும் ஆன்லைன் காசினோ எந்த நாட்டிலிருந்து இயங்கினாலும், அந்நாட்டின் கேம்ப்ளிங் கமிஷனிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். 2014-இல் வந்த சட்டம் அது. உரிமம் பெற்ற தளத்தின் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும். கெட்டிக்காரப் போலி அந்த எண்ணைக் கற்பனையாக எழுதுவதில்லை. முறையாக நடக்கும் வேறொரு நிறுவனத்தின் எண்ணையே எடுத்து ஒட்டிக்கொள்கிறது.

அதனால் தளத்திலுள்ள கமிஷன் முத்திரையை அழுத்திப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. அது போலிப் பக்கத்துக்கே கூட்டிப்போகலாம். gamblingcommission.gov.uk என்று நீங்களே தட்டச்சு செய்து, பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள். நிறுவனத்தின் பெயர் வந்துவிட்டதா? பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. உரிமம் இப்போது நடப்பில் இருக்கிறதா, இடையில் நிறுத்தப்பட்டதா என்று பாருங்கள். பிறகு, அந்த நிறுவனம் நடத்தும் இணைய முகவரிகளின் பட்டியலைத் திறந்து, உங்கள் திரையில் உள்ள முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவேட்டில் .co.uk என்று முடிகிற பெயர், உங்கள் திரையில் நடுவே ஒரு சிறு கோடு சேர்ந்து .com என்று முடிந்தால், அது வேறு தளம். பலர் விட்டுவிடுவது இந்த ஒப்பீட்டைத்தான்.

சரி, உரிமம் உண்மைதான். அதனால் ஆடுபவருக்கு என்ன கிடைக்கும்? கமிஷன் உரிமத்தை நிறுத்தலாம், பறிக்கலாம், அபராதம் போடலாம். 2023-இல் வில்லியம் ஹில் குழுமம் 1.92 கோடி பவுண்டு கட்ட நேர்ந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் இருபதே நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழித்தும் யாரும் விசாரிக்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. உரிமத்தையே நிறுத்தலாமா என்று கமிஷன் யோசித்த அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

ஆனால், ஜெயித்த பணத்தைத் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்று நீங்கள் புகார் செய்தால், கமிஷன் அதை வாங்கித் தராது. முதலில் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால், அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட தனி நடுவர் அமைப்பிடம் கட்டணமின்றிப் போகலாம்.

நிறுவனம் திவாலானால் நிலைமை இன்னும் சிக்கல். வாடிக்கையாளர் பணத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று உரிமதாரர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'பாதுகாப்பு இல்லை' என்பதும் அனுமதிக்கப்பட்ட ஒரு பதில்! அதைச் சொல்லிவிட்டு உரிமத்தோடு தொழில் நடத்தலாம். விதிமுறைப் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுவது நல்லது.

சென்னையில் உட்கார்ந்து ஆடுபவருக்கு இவை எதுவும் உதவாது. அந்த உரிமம் பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஆட்டம் நடத்தத் தரப்பட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை இந்தியாவில் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றிவிட்டது.